முதுகு பிடிப்பு: சூப்பர்வைசருக்கு எப்படி எழுதுவது?

"பேக்கிங்கில் 25 கிலோ மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் இரண்டு வாரம் பாரம் தூக்காதே என்கிறார். சூப்பர்வைசருக்கு என்ன எழுதுவது?"

"லேசான வேலை கொடுங்கள்" என்று மட்டும் எழுதினால் சாக்கு சொல்வதாகத்தான் படும். எது முடியாது, எது முடியும், எத்தனை நாள் என்று மூன்றையும் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் இப்படிப் போதும்:

"சார், வணக்கம். திங்கள் காலை ஷிப்டில் மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. 14 நாள் 5 கிலோவுக்கு மேல் தூக்கவோ, குனிந்து எடுக்கவோ கூடாது என்று டாக்டர் எழுதியிருக்கிறார், சீட்டு இணைத்துள்ளேன். அதுவரை எடை பார்ப்பது, லேபிள் ஒட்டுவது செய்கிறேன். ஒரேயடியாக உட்கார்ந்தால் வலி கூடுகிறது, இடையிடையே எழுந்து நிற்க அனுமதி வேண்டும். 14 நாள் கழித்து டாக்டரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்."

கிலோ கணக்கு சீட்டிலேயே இருக்கட்டும். வெறும் "ஓய்வு" என்றிருந்தால் லீவு போடச் சொல்லிவிடுவார்கள். வாய்மொழியாக மட்டும் சொன்னால் அடுத்த ஷிப்டு சூப்பர்வைசருக்குத் தெரியாது, மறுபடி மூட்டையிடமே நிறுத்துவார்.

வேலையில் நேர்ந்த அடி இது. விபத்துப் பதிவேட்டில் இன்றே எழுதச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. இருந்தால், வலி முற்றி லீவு எடுக்க நேரும்போது அந்தப் பதிவுதான் கைகொடுக்கும். கால் மரத்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.