1 லிட்டர் பாக்கெட்டா, 850 கிராம் பாக்கெட்டா?

கேள்வி: சூரியகாந்தி எண்ணெய் 1 லிட்டர் பாக்கெட் 164 ரூபாய், 850 கிராம் பாக்கெட் 150 ரூபாய். லிட்டர் பாக்கெட்தானே லாபம்?

இல்லை, 850 கிராம் பாக்கெட்தான் மலிவு. 164-ஐ 1000-ஆல் வகுத்து 100-க்கு 16.40 என்றும், 150-ஐ 850-ஆல் வகுத்து 100-க்கு 17.65 என்றும் எடுத்திருப்பீர்கள். வகுத்தது சரி. ஆனால் முதலாவது 100 மில்லியின் விலை, இரண்டாவது 100 கிராமின் விலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது.

எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. சூரியகாந்தி, கடலை, சோயா எதுவானாலும் 1 லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான் நிற்கும். பாக்கெட்டில் நிகர அளவு போட்டிருக்கும் இடத்தில் லிட்டருக்குப் பக்கத்திலேயே கிராமும் இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். 164-ஐ 9.1-ஆல் வகுத்தால் 100 கிராம் 18 ரூபாய் 2 காசு. 150-ஐ 8.5-ஆல் வகுத்தால் 17 ரூபாய் 65 காசு. 100 கிராமுக்கு 37 காசு மிச்சம். இதற்கெல்லாம் ஒரு கணக்கா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாதம் 4 லிட்டர் வாங்கும் வீட்டுக்கு இது பதின்மூன்று ரூபாய்க்கு மேல். பெரிய தொகை என்று நான் சொல்லவில்லை. மலிவு என்று நினைத்து விலை கூடியதை எடுக்க வேண்டாம் என்கிறேன்.

லிட்டரிலேயே ஒப்பிட்டால் என்ன என்று கேட்கலாம். இரண்டு பாக்கெட்டிலும் மில்லி போட்டிருந்தால் ஒப்பிடலாம்தான். ஆனால் எண்ணெய் சூட்டில் விரியும். 1 லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம் இருக்கும், 60 டிகிரியில் 893 கிராம்கூட வராது. லிட்டர் அளவை அதிக வெப்பநிலையில் கணக்கிட்டுப் போட்டால் உள்ளே எண்ணெய் குறையும், பாக்கெட்டில் மட்டும் 1 லிட்டர் என்றே இருக்கும். இதனால்தான் 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் துறை, வெப்பநிலை எதுவும் குறிக்காமல் லிட்டரோடு சரியான எடையையும் அச்சிடுங்கள் என்று எண்ணெய் நிறுவனங்களுக்குச் சொல்லி, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது. கிராம் வெயிலுக்கு மாறாது. அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் கிராமுக்கு இத்தனை ரூபாய் என்று அச்சிட்டிருக்கிறதே, அது போதாதா என்றால், போதாது. ஒன்று, அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது, கடையில் நீங்கள் கொடுக்கும் விலையை வைத்து அல்ல. இரண்டு, கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் ஒரு கிராமின் விலையை இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கிப் போடுகிறார்கள். ₹0.20 என்று இருந்தால் 100 கிராம் 19.50 ஆகவும் இருக்கலாம், 20.49 ஆகவும் இருக்கலாம். 910 கிராம் பாக்கெட்டில் அதுவே ஒன்பது ரூபாய் வித்தியாசம். நீங்கள் தேடும் 37 காசு அதற்குள்ளே காணாமல் போய்விடும். 100 கிராமுக்கோ கிலோவுக்கோ போட்டிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஒரு கிராம் எண்ணெய் என்ன விலை என்று யார் கேட்கப் போகிறார்கள்?

முன்பெல்லாம் எண்ணெயை இந்த இந்த அளவில்தான் அடைக்க வேண்டும் என்று விதி இருந்தது. லிட்டருக்கு லிட்டர் விலையைப் பார்த்தாலே போதும். 2022-இல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். இப்போது லிட்டர் பாக்கெட் மாதிரியே தெரியும் பாக்கெட்டில் 850 கிராம், 800 கிராம், 750 கிராம் என்று வருகிறது. உயரமும் அகலமும் கண்ணுக்கு ஒன்றுதான். கையில் எடுத்தாலும் 60 கிராம் குறைவது தெரியாது. அதனால் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பாக்கெட்டைத் திருப்பி எடையைப் பாருங்கள்.

மொத்தமாக டின் வாங்குவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 15 லிட்டர் டின்னும் உண்டு, 15 கிலோ டின்னும் உண்டு, கடையில் இரண்டையும் "பதினைஞ்சு டின்" என்றே சொல்வார்கள். 15 லிட்டர் டின்னில் இருப்பது 13.65 கிலோதான். லிட்டர் டின் 2400, கிலோ டின் 2600 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது 100 கிராமுக்கு 17.58, இரண்டாவது 17.33. இருநூறு ரூபாய் கூட என்று நீங்கள் ஒதுக்கும் டின்தான் மலிவு. விலை கேட்கும்போதே கிலோவா லிட்டரா என்று கேட்டு, டின்னில் அச்சிட்ட நிகர எடையையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.