தை மாசம் குட்டி யானை எடுக்கணும், சிபில் 661ல நிக்குது

கேள்வி: அண்ணே வணக்கம், தங்கச்சிமடம் பக்கம் மீன் கமிஷன் கடையில ஏழு வருஷமா வேலை பாக்குறேன். தை மாசம் சொந்தமா ஒரு குட்டி யானை எடுத்து ராம்நாடு, பரமக்குடிக்கு மீன் லோடு ஓட்டலாம்னு இருக்கேன். சிபில் பாத்தா 661 காட்டுது. போன வருஷம் மீன்பிடி தடைக்காலத்துல போன் இ.எம்.ஐ ரெண்டு மாசம் விட்டுப்போச்சு, அப்புறம் எல்லாம் கட்டிட்டேன், ஆனா 2,380 பாக்கினு இன்னும் கூப்புடுறாங்க, 1,500 கட்டுனா முடிச்சு விட்டுருவாங்களாம். இன்னொருத்தர் 3,000 குடுத்தா ஸ்கோரை ஏத்தித் தர்றேங்கிறார். அடகுக்கடைல நகைக்கு வட்டி ஒரு மாசம் கூட தவறுனதில்ல, அதெல்லாம் கணக்குல வராதா? அஞ்சு மாசத்துல என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, மொதல்ல அந்த 1,500ஐ கட்டிராதீங்க. 2,380 பாக்கிக்கு 1,500 வாங்கிக்கிட்டாங்கன்னா உங்க ரிப்போர்ட்ல அந்தக் கணக்குக்கு நேரா Settled னு விழும். உங்களுக்கு அது முடிஞ்ச கணக்கு, ஆனா நாளைக்கு வண்டி லோன் ஃபைலை கையில எடுக்குறவருக்கு அதுக்கு அர்த்தம் வேற, இந்த ஆளு வாங்குனதை முழுசா குடுக்கல, கம்பெனி மிச்சத்தை விட்டுக்குடுத்துச்சுன்னு அர்த்தம். நான் லோன் செக்‌ஷன்ல வேலை பாத்த காலத்துல ஸ்கோர் நல்லாவே இருக்குற ஃபைல்ல கூட இந்த ஒரு வார்த்தை தொகை சின்னதா இருந்தாலும் கண்ணுல பட்டா, மேனேஜர் அந்தப் பக்கத்துலயே நிறுத்தி பென்சில்ல ஒரு சுழி போட்டு வச்சுருவார், அப்புறம் அந்த ஆளை கூப்பிட்டு விளக்கம் கேக்காம ஃபைல் நகராது. 880 ரூவா மிச்சம் பண்ணப் போயி இந்த சுழியை வாங்காதீங்க. உங்களுக்கு வேண்டிய வார்த்தை Closed.

இப்ப ஒரு வேலை செய்யுங்க. cibil.com ல வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட் ஃப்ரீயா எடுக்கலாம், ஆர்.பி.ஐ உத்தரவு அது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க்னு இன்னும் மூணு கம்பெனி இருக்கு, அவங்களும் அதே மாதிரி குடுக்கணும். நம்மளே பாக்குறதால ஸ்கோர் ஒரு புள்ளி கூட குறையாது, அந்த பயம் நெறைய பேருக்கு இருக்கு. ஸ்கோர் நம்பரை மட்டும் போன்ல பாத்துட்டு விட்டுறாம ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டு கையில வச்சுப் பாருங்க. ஒவ்வொரு லோனுக்கும் கீழ மாசவாரியா கட்டம் கட்டமா இருக்கும், 36 மாசம் வரைக்கும் காட்டும், தலைப்பு Days Past Due, சுருக்கமா DPD னு இருக்கும். தேதிக்குள்ள கட்டுன மாசத்துல 000 இருக்கும், இல்லாட்டி STD னு இருக்கும். கட்டாத மாசத்துல எத்தனை நாள் தள்ளிப்போச்சுங்கிற எண் இருக்கும். உங்க இ.எம்.ஐ தேதி 5ஆம் தேதின்னு வச்சுக்குவோம், மே மாசம் கட்டலன்னா மே கடைசியில 026, ஜூனும் கட்டலன்னா ஜூன் கடைசியில 056. ஜூலைல எல்லாத்தையும் சேத்துக் கட்டிட்டேன்னு நீங்க நினைச்சிருப்பீங்க. ஆனா ரெண்டு தடவை செக் திரும்புன மாதிரி ஆட்டோ டெபிட் திரும்பியிருக்கு, அதுக்கு பௌன்ஸ் சார்ஜ், லேட் சார்ஜ்னு போட்டிருப்பாங்க, நீங்க கட்டுன காசுல அதைக் கழிச்சுக்கிட்டாங்கன்னா கடைசி தவணையில அந்த அளவுக்கு குறைவு நிக்கும். அந்த குறைவுதான் இந்த 2,380ஆ இருக்க வாய்ப்பு அதிகம்.

இதை எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, கட்டத்துல கடைசியா இருக்குற ஆறு ஏழு மாசத்தை பாருங்க. அங்க 000ன்னு இருந்தா நல்லது. 090, 120, 150ன்னு மாசத்துக்கு முப்பது முப்பதா ஏறிக்கிட்டே இருந்தா, உங்க ஸ்கோரை இழுத்துப் புடிச்சிருக்கறது போன வருஷத்து ரெண்டு மாசத் தப்பு இல்ல, இன்னைக்கும் உயிரோட இருக்குற இந்த வாலுதான். ஏன்னா ஸ்கோர் கணக்குல பழைய தப்பை விட சமீபத்துல நடக்குற தப்புக்குத்தான் எடை அதிகம், அதுலயும் 90 நாள் தாண்டுனா அது வாராக்கடன் லிஸ்ட்டுக்குப் போயிரும், தொகை சின்னதா இருந்தாலும் சரி.

அதனால அந்த கம்பெனி ஆப்லயோ கஸ்டமர் கேர்லயோ கேட்டு ஸ்டேட்மென்ட் ஆஃப் அக்கவுன்ட் வாங்குங்க. எந்த தேதிக்கு என்ன சார்ஜ் போட்டாங்கன்னு வரிவரியா இருக்கும். சார்ஜ் ஏதாச்சும் தப்பா இருந்தா அதை மட்டும் குறைக்கச் சொல்லிக் கேக்கலாம், குறைச்சுக்கிட்டு கணக்கு Closed னுதான் போகும்னு மெயில்ல எழுதிக் குடுத்தா அது வேற, செட்டில்மென்ட் வேற. எழுதித் தரலன்னா முழு 2,380ஐயும் கட்டிருங்க. கட்டும்போது கம்பெனி ஆப்ல, இல்ல கிளையில ரசீது போட்டுக் கட்டுங்க, கூப்புடுற ஏஜென்ட் சொல்ற ஜிபே நம்பருக்கு ஒரு ரூவா கூட அனுப்பாதீங்க. கட்டி முடிச்ச கையோட என்.ஓ.சி கேட்டு வாங்கி வச்சுக்குங்க. 2025 ஜனவரியில இருந்து கடன் குடுக்குறவங்க குறைஞ்சது 15 நாளைக்கு ஒரு தடவை சிபில் மாதிரி பியூரோ கம்பெனிகளுக்கு விவரம் அனுப்பணும்னு விதி வந்துச்சு, அதனால ஒன்றரை மாசம் கழிச்சு ஒரு தடவை ரிப்போர்ட்டைப் பாருங்க. அப்பவும் மாறாம இருந்தா ரிப்போர்ட் பக்கத்துலயே டிஸ்ப்யூட் போடலாம், காசு கிடையாது. 30 நாளைக்குள்ள முடிக்கணும், தாண்டுனா ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூவா உங்களுக்கு நஷ்டஈடு தரணும். அதுலயும் சரியாகலன்னா cms.rbi.org.in ல புகார் போடுங்க. இதுக்கெல்லாம் நாள் புடிக்கும், அதனாலதான் தைக்கு எடுக்கணும்னா இந்த வேலையை ஆவணியிலயே ஆரம்பிக்கணும்ங்கிறேன்.

அந்த 3,000 ரூவா ஆளைப் பத்தி ரெண்டு வரி. பியூரோல இருக்குற விவரத்தை கடன் குடுத்த கம்பெனி மட்டும்தான் மாத்த முடியும், நடுவுல எவனாலயும் முடியாது. அவர் செய்யிறது நான் மேல சொன்ன அதே ஃப்ரீ டிஸ்ப்யூட்டைத்தான், அதுக்கு உங்க பான், ஆதார், ஓடிபி எல்லாம் கேப்பார். குடுக்காதீங்க.

அடகுக்கடை விஷயம் கேட்டீங்க, வருத்தமான பதில்தான். அடகுக்கடை, வட்டிக்காரர், படகு முதலாளிகிட்ட வாங்குற முன்பணம், இதுல நீங்க எவ்வளவு நாணயமா இருந்தாலும் பியூரோவுக்குப் போகாது. அதே நகையை பேங்க்ல உங்க பேர்ல வச்சிருந்தா போயிருக்கும். ஆனா அதுலயும் ஒண்ணு இருக்கு, வருஷக் கடைசியில வட்டியோட அசலைக் கட்டணும்ங்கிற மாதிரி போட்டுருப்பாங்க, அந்த நாளை மறந்துட்டா அங்கயும் DPD விழும். இப்போதைக்கு உங்க பேர்ல இருக்குற ஒரே கணக்கு இந்த போன் லோன்தான், அதுவும் கறை பட்டது. நல்ல கணக்கு ஒண்ணு பக்கத்துல இருந்தா உதவும், அதுக்கு என்னோட யோசனை, பேங்க்ல 15,000 ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு அதுமேல ஒரு கிரெடிட் கார்டு வாங்குறது. டெபாசிட் ஈடா இருக்கறதால சம்பளச் சீட்டு பெருசா கேக்க மாட்டாங்க, லிமிட் 12,000 மாதிரி தருவாங்க. அதுல மாசம் 2,000, 3,000க்கு மேல போகாம பைக்குக்கு பெட்ரோல், வீட்டுக்கு கேஸ்னு போட்டு, பில் வந்ததும் முழுத்தொகையையும் கட்டிருங்க, மினிமம் டியூ மட்டும் கட்டுறது வேணாம். லிமிட்ல 30 சதவீதத்துக்குள்ள நிக்கணும்ங்கறதுதான் கணக்கு. இந்த மாசமே வாங்குனா தைக்குள்ள நாலு மாசம் 000 விழும். கார்த்திகை, மார்கழில போய் வாங்காதீங்க, புதுக்கணக்கு திறந்த உடனே வண்டி லோன் கேட்டா அது எதிரா போயிரும். கார்டு கையில இருந்தா செலவு மீறிரும்னு உங்களுக்கே தோணுச்சுன்னா இதை விட்டுருங்க, பாக்கியை மூடுறதுதான் முக்கியமான வேலை.

இன்னொரு விஷயம் ஷோரூம்ல நடக்கும். ராம்நாடுல ஒரு ஷோரூமுக்கு விலை விசாரிக்கப் போவீங்க, தம்பி ஆதார் பான் ஜெராக்ஸ் குடுங்க எலிஜிபிலிட்டி பாத்து சொல்றேன்னு வாங்கி, ஒரே மதியத்துல நாலு ஃபைனான்ஸ்ல தட்டி விட்டுருவாங்க. ஒவ்வொண்ணும் உங்க ரிப்போர்ட்ல ஒரு என்கொயரியா பதியும், அஞ்சாவது ஆளு அதைப் பாத்து நாலு பேர் ஏன் குடுக்கலன்னு யோசிப்பான். வண்டி விலையை மட்டும் கேளுங்க, பான் ஜெராக்ஸை பாக்கெட்லயே வச்சுக்குங்க. போன்ல வர்ற லோன் ஆப்ல அப்ளை பண்றதும் இதே கதைதான். மார்கழி கடைசியில கையில ரிப்போர்ட்டோட மொதல்ல உங்க சம்பளக் கணக்கு இருக்குற பேங்க்ல கேளுங்க, அப்புறம் வேணும்னா இன்னொரு இடம்.

ஸ்கோர் எவ்வளவு ஏறும்னு யாராலயும் சொல்ல முடியாது, அந்த 026, 056 கட்டத்துல இன்னும் கொஞ்ச காலம் இருக்கத்தான் செய்யும். ஆனா வட்டியில என்ன வித்தியாசம் வரும்னு ஒரு உதாரணம் போட்டுப் பாத்தேன். 4 லட்சம் லோன், 48 மாசம். 11 சதவீதத்துல மாசம் சுமார் 10,340 வரும், 15 சதவீதத்துல 11,130. மாசம் 790 ரூவா தான் தெரியுது, மொத்தமா பாத்தா 38,000 ரூவா. இந்த அஞ்சு மாசம் காத்திருக்கறது அதுக்குத்தான்.

தை மாசம்னு நீங்க யோசிச்சது நல்ல நேரமும் கூட. லோன் குடுக்குறவங்க ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் கேப்பாங்க, தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், அது அந்த ஆறு மாசத்துக்குள்ள வராது. கமிஷனை கையில வாங்காம இப்பயிருந்தே அக்கவுன்ட்ல போடச் சொல்லுங்க. ஆனா வண்டி எடுத்த மூணாவது மாசமே தடைக்காலம் வந்துரும், லோடு பாதியாயிரும், இ.எம்.ஐ மட்டும் தேதி தவறாம அடிக்கும். அதனால டவுன் பேமென்ட்ல கையில இருக்குற எல்லாத்தையும் கொட்டிறாம ரெண்டு தவணைக்கு 21,000 ரூவாயை அந்த அக்கவுன்ட்லயே தொடாம போட்டு வைங்க. போன் லோன்ல விழுந்த அதே மே, ஜூன் மாசத்துலதான் வண்டி லோனும் மொத தடவை சோதிக்கும்.