எட்டு இருபதுக்குக் கிளம்பும் சைக்கிள்

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். வீடு நெல்லை டவுனில், பள்ளி பாளையங்கோட்டையில். வேன் கட்டணம் கட்ட முடியவில்லை. பள்ளியில் கொடுத்த சைக்கிளில் இந்த மாதம் முதல் போகிறாள். ஜங்ஷன், வண்ணார்பேட்டை பக்கம் பஸ்ஸும் லாரியும் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. குறுக்குத்துறை வழியாக ஆற்றோரமாகப் போகலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். காலையில் தண்ணீர் பிடித்து, பாத்திரம் தேய்த்து, மாமியாருக்குக் காபி கொடுத்துவிட்டு அவள் கிளம்ப எட்டு இருபது ஆகிவிடும். ஒன்பதுக்கு மணி அடித்துவிடும். மகனுக்குக் கல்லூரி பத்து மணிக்குத்தான், அதனால் அவனை எழுப்புவதில்லை. கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். பெரிய சந்திப்புகளும் லாரிகளும் இல்லாத வழி ஒன்று சொல்லுங்கள்.
— ஒரு தாய், நெல்லை டவுன்

பதில்:

வழி சொல்கிறேன் அம்மா. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய எட்டு இருபதை முதலில் பேசித் தீர்க்க வேண்டும். அதைத் தீர்க்காமல் நான் எந்தத் தெருவைச் சொன்னாலும் உங்கள் மகள் அதில் போக மாட்டாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டவுனில் இருந்து பாளைக்கு ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். பதினாறு வயதுப் பெண் புத்தகப் பையோடு மிதித்தால் மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர் போவாள். நிற்காமல் போனாலே அரை மணி நேரம். பாதுகாப்பான வழி என்பது நின்று நின்று போகிற வழி. சில இடங்களில் இறங்கி நடக்க வேண்டும், சில இடங்களில் வண்டிகளுக்கு வழிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்கு முக்கால் மணி நேரம் வேண்டும். நீங்கள் அவளுக்குக் கொடுப்பது நாற்பது நிமிடம். மணி அடித்தபின் போய் வெளியே நிற்க எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது. ஆகவே அவள் இறங்க மாட்டாள், காத்திருக்க மாட்டாள், பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் இருக்கிற இரண்டடி இடைவெளியில் புகுந்து போவாள். அவளை அந்த இடைவெளிக்குள் தள்ளுவது லாரிக்காரர் இல்லை. உங்கள் வீட்டுப் பாத்திரங்கள்.

பத்து மணிக் கல்லூரிக்காரனை எழுப்ப உங்களுக்கு மனம் வரவில்லை. அவனுக்குக் கைகால் இல்லையா? குடம் தூக்கினால் அவன் கௌரவம் குறைந்துவிடுமா? வீட்டு வேலையைப் பெண் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிற எல்லோரும் செய்ய வேண்டும் என்கிறேன். தகப்பன் வெளியூரில் இருக்கிற வீட்டில் மூத்த மகனுக்குப் பொறுப்பு கூடுமே தவிர, தூக்கம் கூடாது. நாளை முதல் தண்ணீரும் பாத்திரமும் அவனுடையவை. பாட்டிக்குக் காபியும் பேரன் கொடுக்கட்டும், அந்த அம்மாளுக்கும் சந்தோஷமாக இருக்கும். பெண் ஏழு ஐம்பதுக்கு வாசலில் சைக்கிளோடு நிற்க வேண்டும். ஏழு ஐம்பதில் டவுனில் இருந்து ஜங்ஷன் போகிற ஹைரோடும் வேறு மாதிரி இருக்கும். பள்ளி வேன், ஆட்டோ, அலுவலகம் போகிற பைக் எல்லாம் சேர்ந்து நெருக்குவது எட்டேகாலுக்குப் பிறகுதான்.

இனி வழி. எல்லோரும் வீட்டு வாசலில் தொடங்கித் தெருத் தெருவாக யோசிப்பார்கள். நம் ஊரில் அப்படி யோசித்தால் சிக்கல்தான். டவுனுக்கும் பாளைக்கும் நடுவில் தாமிரபரணி ஓடுகிறது. தெருக்கள் நூறு இருக்கலாம், பாலங்கள் சிலதான். எந்தப் பாலம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் வழியைப் பின்னிக்கொண்டு வர வேண்டும்.

தச்சநல்லூர்ப் பக்கத்து பைபாஸ் பாலம் வேண்டாம். கனரக வண்டிகள் வேகமெடுக்கிற சாலை அது. சுற்றும் அதிகம். 1843-இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த பாலமும் அதன் பக்கத்தில் வந்த புதிய பாலமும் இருக்கிற இடத்தில்தான் உங்கள் மகள் ஆற்றைக் கடக்க வேண்டும். நெரிசலான இடம்தான். ஆனால் நெரிசலில் வண்டிகள் மெதுவாகப் போகும். சைக்கிளில் போகிறவருக்கு மெதுவாக ஊர்கிற பத்து பஸ்ஸைவிட வேகமாக வருகிற ஒரு ஜல்லி லாரி ஆபத்து. வெறிச்சோடிய அகலச் சாலையைப் பார்த்து நல்ல வழி என்று ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

டவுனில் இருந்து அந்தப் பாலத்துக்கு வருவதற்கு ரயில் பாதையைக் கடக்க வேண்டும். அதற்கு நம் ஊரில் 1973 முதல் ஈரடுக்குப் பாலம் இருக்கிறது. மேல்தளம் பஸ்ஸுக்கும் பெரிய வண்டிக்கும், கீழ்த்தளம் சிறிய வண்டிகளுக்கு. உங்கள் மகள் எந்தத் தளத்தில் போகிறாள் என்று கேட்டிருக்கிறீர்களா? அவசரத்தில் எல்லோரோடும் சேர்ந்து மேலே ஏறிவிடுகிற பிள்ளைகள் உண்டு. கீழ்த்தளத்தில் லாரி வராது, பஸ் வராது. கவனம் வேண்டிய இடம், கீழ்த்தளம் முடிந்து மற்ற வண்டிகளோடு சேர்கிற இடம். அங்கே மிதிப்பதை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, வலப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சாலையில் சேர வேண்டும்.

குறுக்குத்துறை யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. லாரி இல்லை என்பது சரி. ஆனால் ரயில் பாதை அங்கேயும் குறுக்கே வருகிறது. ரயிலுக்காக நிற்க நேர்ந்தால் அந்தத் தாமதத்தை வண்ணார்பேட்டையில் ஈடுகட்டப் பார்ப்பாள். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு பெருகினால் முருகன் கோயிலையே தண்ணீர் மூடிவிடுகிற கரை அது. மாலையில் தனியாக வருகிற பெண்ணுக்கு ஆள் நடமாட்டம் குறைந்த ஆற்றோரப் பாதையைச் சொல்ல எனக்கு மனம் துணியாது. லாரி ஒன்றுதான் பயம் என்று நினைத்து வழி தேடக்கூடாது.

அடுத்தது வண்ணார்பேட்டை. பாலத்தைத் தாண்டியதும் பல சாலைகள் வந்து கூடுகிற இடம், தலைக்கு மேல் மேம்பாலம் வேறு. இதைத் தவிர்க்க வழி கேட்கிறீர்கள். இறங்கி நடப்பதுதான் வழி. சைக்கிளில் ரவுண்டானாவைச் சுற்றுகிறவள் நாலு பக்கத்து வண்டிகளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறவள் ஒரு சமயத்தில் ஒரு சாலையை மட்டும் பார்த்தால் போதும். சந்திப்புக்கு முன்பே இடது ஓரத்தில் இறங்கி, மற்றவர்கள் கடக்கிற இடத்தில் அவர்களோடு சேர்ந்து, சைக்கிளைத் தன் இடப்பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு சாலையாகக் கடக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் உங்கள் மகனை எழுப்பச் சொன்னேன். வலப்பக்கம் திரும்ப வேண்டிய வேறு இடங்களிலும் இதே முறைதான். ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே கையை நீட்டிக்கொண்டு சாலையின் மையத்துக்குப் போகக்கூடாது. முருகன்குறிச்சியைத் தாண்டிவிட்டால் பாளையின் உள்தெருக்கள் கிடைத்துவிடும், அங்கே பெரிய பயம் இல்லை.

எந்த வழியில் போனாலும் ஓரிரு லாரியாவது எதிர்ப்படும். அதனால் ஒரு விஷயத்தை அவளுக்குக் கண்ணால் காட்டிப் புரியவைக்க வேண்டும். லாரியோ பஸ்ஸோ இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். தொடக்கத்தில் நிறைய இடம் இருப்பதுபோல் தெரியும். வண்டி பாதி திரும்பும்போது அந்த இடம் இருக்காது. ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம். இடது முன்சக்கரத்தை ஒட்டி நிற்கிற சைக்கிள் அவர் கண்ணில் படாது. சிக்னலில் நிற்கிற பெரிய வண்டியின் இடப்பக்கம் புகுந்து முன்னேறவே கூடாது, அதன் பின்னால் நிற்க வேண்டும். பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் அவளுக்குத் தெரியாவிட்டால் அவருக்கும் அவளைத் தெரியாது. பஸ் நிறுத்தத்தை நெருங்கும்போது பின்னால் பஸ் வருகிறதென்றால் நின்று அதை முன்னே போகவிட வேண்டும். பஸ் அவளைத் தாண்டி இடப்பக்கம் ஒடிக்கும்.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தால் போதாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து இந்த வழியை முழுவதும் சைக்கிளில் போய் வரட்டும். அவன் வாடகைச் சைக்கிளோ நண்பனின் சைக்கிளோ வாங்கிக்கொள்ளட்டும். பைக்கில் பின்தொடர்ந்தால் ஒன்றும் தெரியாது. கீழ்த்தளம் முடிகிற இடம், இறங்க வேண்டிய இடம், சாக்கடை மூடி உடைந்து கிடக்கிற இடம், எல்லாவற்றையும் நின்று பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமைச் சாலை பொய் சொல்லும். ஆகவே திங்கள் முதல் சனி வரை ஏழு ஐம்பதுக்கு அவளோடு அவனும் போக வேண்டும். பத்து மணிக் கல்லூரிக்கு அதன்பின் போக நேரம் இருக்கிறது. மாலையில் பாளையில் இருந்து திரும்புகிற வழியையும் ஒரு தடவை சேர்ந்து வர வேண்டும். காலையில் இடப்பக்கம் திரும்பிய இடமெல்லாம் மாலையில் வலப்பக்கத் திருப்பமாகிவிடும்.

ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் தனியாகப் போகட்டும். பள்ளிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தாள் என்று மட்டும் தினமும் கேளுங்கள். ஏழு ஐம்பதுக்குக் கிளம்பி எட்டு முப்பத்தைந்தை ஒட்டிச் சேர்ந்தால் சொன்னபடி வருகிறாள். அதே வேளையில் கிளம்பி எட்டு இருபதுக்கே போய்விட்டாள் என்றால் வண்ணார்பேட்டையில் இறங்கவில்லை என்று அர்த்தம். கேட்டுக் கண்டியுங்கள். எட்டு இருபதுக்குத்தான் வீட்டில் இருந்தே கிளம்பினாள் என்றால் அவளைக் கண்டிக்காதீர்கள். அன்று குடத்தை யார் தூக்கினார்கள் என்று வீட்டுக்குள் விசாரியுங்கள். அப்படித் தாமதமான நாளில் அவள் கையில் டவுன் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்புங்கள், சைக்கிள் வீட்டில் இருக்கட்டும். ஆனித் திருவிழாக் கூட்டம் உள்ள நாளில் ரத வீதிகளில் சைக்கிள் நுழைய முடியாது. அன்றைக்கு அண்ணன் கூட்டம் இல்லாத தெரு வழியாக அவளை ஹைரோடு வரை கொண்டுபோய் விடட்டும்.