இறக்கையின் மேல் நடுங்கிய கோடு

அன்புள்ள ஐயா,

போன மாதம் சிங்கப்பூர் போகும்போது இறக்கைக்கு நேர் மேலே ஜன்னல் சீட் கிடைத்தது. உச்சி வெயில். இறக்கையின் மேல் நீளவாக்கில் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. கீறல் விட்டிருக்கிறதோ என்று பயந்துபோனேன், பார்த்தால் அது முன்னும் பின்னும் நகர்கிறது! இஞ்சினியரிங் படிக்கும் அண்ணன் மகனிடம் சொன்னால், அது அதிர்ச்சி அலை என்கிறான். முன்சீட்டுத் திரையில் வேகம் 872 கிலோமீட்டர், வெளியே வெப்பநிலை மைனஸ் 45 என்று இருந்தது. ஒலியின் வேகம் 1,200க்கு மேல் அல்லவா? ஒலியைத் தாண்டாத விமானத்தில் அதிர்ச்சி அலை எப்படி வரும்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

பையன் சொன்னது சரி. நீங்கள் வெப்பநிலையையும் குறித்து வைத்தது ரொம்ப நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

1,200 சொச்சம் என்பது தரைமட்டத்தில், 15 டிகிரியில். காற்றில் ஒலி எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. உயரத்தில் காற்று மெலிந்துவிட்டதால் வேகம் குறைகிறது என்று பலரும் நினைக்கிறார்கள், அது காரணமில்லை, குளிர்தான் காரணம். மைனஸ் 45 என்றால் கெல்வினில் 228. அதன் வர்க்கமூலம் 15.1, அதை 20.05ஆல் பெருக்கினால் வினாடிக்கு சுமார் 303 மீட்டர், அதாவது மணிக்கு 1,090 கிலோமீட்டர். நீங்கள் போனது ஏ320 மாதிரி ஒரு விமானம் என்று வைத்துக்கொள்கிறேன். அவை வழக்கமாக மாக் 0.78ல், அதாவது சுற்றியுள்ள காற்றில் ஒலி போகும் வேகத்தில் 78 சதவீதத்தில் பறக்கும். 1,090ல் 0.78 பங்கு 850. திரையில் காட்டுவது தரையை வைத்து அளக்கும் வேகம், எனவே மிச்சம் 22 கிலோமீட்டர் பின்னாலிருந்து வீசிய காற்றின் உபயம்.

ஆக விமானம் ஒலியைத் தாண்டவில்லை. ஆனால் இறக்கையின் மேல்புறத்தை ஒட்டி ஓடும் காற்று தாண்டிவிட்டது. இறக்கை விமானத்தைத் தூக்குவதற்கு அதன் மேல்புறத்தில் அழுத்தம் குறைய வேண்டும், அழுத்தம் குறையும் இடத்தில் காற்று வேகமெடுக்கும். விமானம் 0.78ல் போனாலும் அந்த இடத்தில் மட்டும் காற்று மாக் 1.2 வரை போயிருக்கலாம். இறக்கையின் முதுகில் ஒலியை மிஞ்சிய ஒரு திட்டு உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டு எங்கேயாவது முடிந்தாக வேண்டும். இறக்கையின் பின்விளிம்பில் அழுத்தம் அதிகம். சாதாரண வேகத்தில் அந்தச் செய்தி ஒலி வேகத்தில் முன்னோக்கிப் போய், வருகிற காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நிதானிக்க வைக்கும். எதிரே வருகிற காற்றே ஒலியைவிட வேகமாக வந்தால்? செய்தி எதிர்நீச்சல் போட முடியாமல் ஓரிடத்தில் நின்றுவிடும், பின்னாலேயே வருகிற செய்திகளும் அங்கேயே வந்து குவியும். அந்தக் குவியல்தான் அதிர்ச்சி அலை. முன்னறிவிப்பே இல்லாமல் காற்று அதில் போய் மோதுகிறது. 1.2ல் உள்ளே போன காற்று 0.84ல் வெளியே வரும், அழுத்தம் ஒரே தாவலில் ஒன்றரை மடங்காகும், அடர்த்தியும் மூன்றில் ஒரு பங்கு கூடும். அடர்த்தி அப்படிச் சட்டென்று மாறும் இடத்தில் வெயில் வளைகிறது. நீங்கள் பார்த்தது அதன் நிழலைத்தான், தண்ணீர்த் தொட்டியின் அடியில் சிற்றலையின் நிழல் ஆடுமே, அது மாதிரி.

இந்த அலை வந்தால் இழுவையும், அதாவது காற்று விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசையும், கூடும். சரி, அது ஏன் கூட வேண்டும்? முதல் காரணம், அந்தத் தாவலில் காற்றின் இயக்க ஆற்றலில் ஒரு பகுதி வெறும் சூடாகிவிடுகிறது, அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. காற்று பின்னால் சோர்ந்து வெளியேறுகிறது, அந்தச் சோர்வுக்கான விலையை எஞ்சின் கொடுக்கிறது. 1.2ல் இந்த நஷ்டம் சின்னதுதான், காற்றின் மொத்த அழுத்தத்தில் 1 சதவீதம்கூட இல்லை. 1.4 ஆகட்டும், 4 சதவீதத்தைத் தாண்டிவிடும். கொஞ்சம் வேகம் கூடியதற்கு நஷ்டம் ஆறு மடங்கு.

ஆனால் என்னைக் கேட்டால், விஷமம் செய்வது இரண்டாவது காரணம்தான். இறக்கையின் தோலை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் உராய்வினால் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். அதற்குத் தெம்பு குறைவு. எதிரே திடீரென்று ஒன்றரை மடங்கு அழுத்தம் நின்றால் முக்கி முனகி ஏறிவிடும். அந்தத் திட்டில் மாக் எண் 1.3ஐத் தாண்டி, அழுத்தத் தாவலும் பெரிதானால் அதனால் ஏற முடியாது, இறக்கையை விட்டுப் பிய்ந்து விலகிவிடும். பின்னால் அகலமான சுழல், தூக்கு விசை குறைவு, அதிர்வு, எல்லாம் சேர்ந்து வரும். மாக் எண்ணுக்கு எதிராக இழுவையை வரைந்தால், கோடு வெகுநேரம் சமமாகப் போய் ஒரு இடத்தில் சட்டென்று செங்குத்தாகக் கிளம்பும். பயணிகள் விமானங்கள் அந்தத் திருப்பத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுகொள்கின்றன. ஏ320க்கு அனுமதித்த உச்சவரம்பே 0.82தான்.

திருப்பத்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்று கற்றுக்கொடுத்தது லாக்ஹீட் பி-38, இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கப் போர்விமானம். தடித்த இறக்கை, எனவே மேல்புறக் காற்று சீக்கிரமே ஒலியைப் பிடித்துவிடும். உயரத்திலிருந்து பாய்ந்தால் மாக் 0.7ஐ நெருங்கும்போதே வால் உதறும், மூக்கு தானாக இன்னும் கீழே குனியும், விமானி இரண்டு கையாலும் இழுத்தாலும் நிமிராது. 1941 நவம்பரில் ஒரு சோதனை விமானி இப்படிப்பட்ட சோதனையில் இறந்தார். பிழைத்தவர்கள் பலர் கீழே வந்த பிறகுதான் நிமிர்த்த முடிந்தது. ஏன் கீழே? காற்று அங்கே அடர்த்தி, வேகம் தணியும். கூடவே அங்கே சூடு அதிகம், ஒலியின் வேகமும் அதிகம், எனவே அதே கிலோமீட்டர் வேகத்துக்கும் மாக் எண் இறங்கிவிடும். விமானி வேகமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது புரியவே புரியாது. ஜெட் விமானிகளுக்குத் தனியாக மாக் எண்ணைக் காட்டுவது இதனால்தான்.

இன்றைய இறக்கைகள் இந்தத் திருப்பத்தைத் தள்ளிப்போடுகின்றன. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையில், விளிம்புக்குச் செங்குத்தாக வரும் வேகம்தான் கணக்கு. ஏ320ன் சாய்வு 25 டிகிரி, எனவே 0.78 என்பது இறக்கைக்குக் கிட்டத்தட்ட 0.71 மாதிரி. சாய்வை இப்படிப் பயன்படுத்தலாம் என்று ஜெர்மானியரான அடோல்ஃப் புசெமன் 1935லேயே ஒரு மாநாட்டில் பேசினார். கேட்டவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அன்றைக்கு அந்த வேகத்தில் பறக்க விமானமும் இல்லையே. 1960களில் நாசாவின் ரிச்சர்ட் விட்காம்ப் இறக்கையின் மேல்புறத்தைத் தட்டையாக்கினார். காற்று அங்கே ரொம்பவும் வேகமெடுக்காது, அதிர்ச்சி அலை பலவீனமாகவும் பின்தள்ளியும் விழும். கவனியுங்கள், அலையை ஒழித்துவிடவில்லை, மெலிதாக்கிக் கூடவே வைத்துக்கொண்டார்கள். முழுக்க ஒழிக்க வேண்டுமென்றால் மெதுவாகப் பறக்க வேண்டும், அதற்கு யாரும் தயாரில்லை.

அடுத்த முறையும் நண்பகல் விமானமாக, இறக்கைக்கு மேல் சீட்டாகப் பாருங்கள். காற்று குலுக்கும்போது கோடு முன்னும் பின்னும் ஓடும். இறங்கத் தொடங்கி வேகம் தணிந்ததும் அது முன்பக்கமாக நகர்ந்து, மங்கி, காணாமல் போய்விடும்.