நரம்பு ஊசி போடுவதற்கு முன் ரத்தம் எடுத்துவிடுங்கள்

"டாக்டர், எனக்கு 51 வயசு, மண்டபம் பக்கம். பாசி எடுக்கப் போறேன். 9 வருஷமா சுகருக்கு மெட்பார்மின் காலையும் ராத்திரியும் ஆயிரம் ஆயிரம். 6 மாசமா ராத்திரியானா ரெண்டு பாதமும் எரியுது, பகல்ல மதமதன்னு கெடக்கு, செருப்பு கழண்டாகூடத் தெரியல. மருந்துக்கடையில நரம்பு ஊசி 5 போட்டாங்க. இப்ப ஒருத்தர் மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி மிஷின்ல நரம்பு டெஸ்ட் எடுத்துத் தர்றேங்கிறார், 5000 ரூபாய். போகவா வேண்டாமா?"

இப்போதைக்குப் போக வேண்டாம் அம்மா. உங்களுக்கு நரம்பு பழுதாகியிருக்கிறது என்பதற்கு மிஷின் சாட்சி தேவையில்லை, அந்தச் செருப்பே சொல்லிவிட்டது. இனித் தெரிய வேண்டியது எதனால் பழுதானது என்பதுதான், அதை அந்த மிஷின் பெரும்பாலும் சொல்லாது.

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள், மகளோ மருமகளோ யாராவது ஒருவர் தன் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் கால்விரல் நுனியை மெல்லத் தொடட்டும், இறகு பட்ட மாதிரி, ஒன்றிரண்டு வினாடி மட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது, அப்படிச் செய்தால் சோதனை கெட்டுப்போகும். இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல், ஆக 6 இடம். தொட்டது தெரிந்ததும் வலதா இடதா என்று சொல்ல வேண்டும். 6 இடத்தில் 2 அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளிகளுக்குச் செய்யும் சோதனைதான் இது, செலவு ஒன்றும் இல்லை.

இதையே கொஞ்சம் நுணுக்கமாக டாக்டர் செய்வார், அதற்கும் 5 நிமிடம் போதும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் நரம்பை உள்ளங்காலில் வைத்துத் தெரிகிறதா என்று கேட்பார். அதிரும் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்து, அதிர்வு எப்போது நிற்கிறது என்று கேட்பார். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். எந்த ஆஸ்பத்திரியிலும் வைத்திருக்கக்கூடிய சாமான்கள்தான். ஆனால் 9 வருடமாக மாதாமாதம் மாத்திரை வாங்கும் உங்களை ஒரு தடவையாவது செருப்பைக் கழற்றச் சொல்லி யாராவது பாதத்தைப் பார்த்தார்களா? என்னிடம் வருகிறவர்களிடம் இதைக் கேட்டால் பாதிக்குமேல் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். ஓபியில் நூற்றுக்கணக்கான பேர் நிற்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அதற்காகச் சர்க்கரை அளவை மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, புண் வந்து விரலை எடுக்கும் நாளில் "முன்னாடியே வந்திருக்கக் கூடாதா" என்று நோயாளியைத் திட்டுவது எந்த நியாயத்தில் சேர்த்தி? கேளுங்கள் அம்மா. "என் பாதத்தைப் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

சரி, எதனால் என்பதற்கு வருவோம். சர்க்கரை முதல் சந்தேகம். உடம்பிலேயே நீளமான நரம்புகள் இடுப்பிலிருந்து கால்விரல் வரை போகிறவை, அதனால் பழுது நுனியில் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறிவரும். இரண்டு காலும் ஒரேபோல, மெதுவாக. நீங்கள் சொல்வது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு இரண்டாவது சந்தேகம் ஒன்றும் அதே அளவுக்கு இருக்கிறது, அது பி12 குறைவு. நீங்கள் போடும் மெட்பார்மின்தான் காரணம். தினம் 2000 மில்லிகிராம் வீதம் வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்குப் பி12 மெல்ல மெல்லக் குறைந்துவர வாய்ப்பு அதிகம். இதனால் மெட்பார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது நல்ல மாத்திரை. பி12 அளவை இடையிடையே பார்த்துக்கொண்டு போட வேண்டிய மாத்திரை, அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் நம் கடற்கரையில் எல்லோரும் சொல்லும் பதில், "நாங்க தினம் மீன் சாப்பிடுறவங்க, எங்களுக்கு எப்படி சத்து குறையும்?" மீனில் பி12 நிறைய இருக்கிறது என்பது உண்மைதான், மத்தியிலும் சூடையிலும் தாராளமாகவே இருக்கிறது. சைவக்காரர்களுக்குத்தான் இது குறையும் என்று டாக்டர்களிலேயே சிலர் நினைத்துக்கொண்டு பரிசோதனையே எழுதுவதில்லை. ஆனால் வாய்க்குள் போவது வேறு, ரத்தத்தில் சேர்வது வேறு. மீன் சதையோடு ஒட்டியிருக்கும் பி12 வயிற்று அமிலத்தில்தான் பிரியும், அப்புறம் வயிறு சுரக்கும் ஒரு புரதம் அதைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சேர்க்க வேண்டும், அங்கேதான் அது ரத்தத்துக்குள் போகும். மெட்பார்மின் அந்தக் கடைசி வாசலில் தடுக்கிறது. கேஸ் மாத்திரை, அதாவது பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாதிரி, வருடக்கணக்கில் போட்டால் முதல் படியிலேயே தடை. வள்ளம் நிறைய மீன் வந்தும் கரையில் இறக்க ஆளில்லாத கதைதான்.

கீழக்கரைப் பக்கத்திலிருந்து கருவாடு காயப்போடும் ஒரு அம்மா வந்தார்கள். 12 வருடமாகச் சர்க்கரை, மெட்பார்மின், கூடவே 6 வருடமாக வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை. மீன் இல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காது. வெயிலில் காய்ந்த மணலில் வெறுங்காலோடு நின்று உள்ளங்கால் கொப்பளித்திருக்கிறது, சாயங்காலம் மகன் பார்த்துச் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. ஹீமோகுளோபின் 12, ரத்தசோகை இல்லை, அதனால் சத்தெல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ரத்தசோகை வராமலேயே பி12 குறைவு நரம்பைத் தின்னும், இது பலருக்குத் தெரிவதில்லை. கண்ணை மூடி நிற்கச் சொன்னேன், தள்ளாடிப்போய்ச் சுவரைப் பிடித்தார். கட்டைவிரலில் அதிர்வு தெரியவே இல்லை. ஊசி எதுவும் போடாமல் வந்ததால் அன்றே ரத்தம் எடுத்தோம், பி12 அளவு 140. பொதுவாக 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைவு, 200க்கும் 300க்கும் இடையில் இருந்தால் சந்தேகம். பி12 ஊசி 1000 மைக்ரோகிராம், முதல் 2 வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள், அப்புறம் வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று என்று கொடுத்தோம். கேஸ் மாத்திரை உண்மையில் தேவையா என்று பார்த்து நிறுத்தினோம். 4 மாதத்தில் தள்ளாட்டம் நின்றது. எரிச்சல் பாதிதான் குறைந்தது, மீதி சர்க்கரையின் பங்கு.

உங்கள் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது, உங்கள் மேல் இல்லை, அந்த மருந்துக்கடைக்காரர் மேல். அவர் போட்ட சிவப்பு ஊசியில் பி12 இருக்கிறது. இப்போது ரத்தம் எடுத்தால் அளவு ஏராளமாக வரும், அதைப் பார்த்து "பி12 நார்மல்" என்று எழுதி அந்தக் கதவையே மூடிவிடுவார்கள். முதலில் ரத்தம், பிறகு ஊசி. இந்த ஒரு வரிசை தப்பியதால் காரணம் தெரியாமலே போனவர்கள் எத்தனையோ பேர். எனவே இனி எடுக்கும் பி12 அளவு நார்மலாக வந்தால் அதை நம்பாதீர்கள், ஊசி போட்ட தேதிகளை எழுதி எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். அளவு தெரியாமலே முழுச் சிகிச்சை கொடுத்துப் பார்ப்பதுகூடத் தவறில்லை, பி12 விலை குறைந்த, ஆபத்தில்லாத மருந்து.

ஆனால் அந்த ஊசியிலும் "நரம்புச் சத்து" மாத்திரைகள் பலவற்றிலும் பி6 சேர்ந்திருக்கும். அட்டையைத் திருப்பி பைரிடாக்சின் எவ்வளவு என்று பாருங்கள். தினம் 100 மில்லிகிராம் என்று மாதக்கணக்கில் போனால் பி6 தானே நரம்பைக் கெடுத்து இதே மதமதப்பைக் கொண்டுவரும். எரிச்சலுக்கு மாத்திரை, அந்த மாத்திரையால் எரிச்சல், அதற்கு இன்னும் ஒரு அட்டை. என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொட்டலப் பொடிகளும் வேண்டாம், சிலவற்றில் ஈயமும் ஆர்சனிக்கும் இருப்பது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது, இரண்டுமே நரம்புக்கு விஷம்.

இப்போது மதுரை மிஷின். தோலின் மேல் சின்னச் சின்னதாக மின்சாரம் கொடுத்து, அது நரம்பில் எவ்வளவு வேகமாக, எவ்வளவு வலுவாகப் போகிறது என்று அளப்பதுதான் அந்தச் சோதனை. நல்ல சோதனைதான், கொஞ்சம் சுரீர் என்று இருக்கும், ஆபத்தில்லை. ஆனால் அது பார்ப்பது தடித்த நரம்பிழைகளை மட்டும், அதாவது தொடுகை, அதிர்வு, கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு. எரிச்சலையும் சூட்டையும் எடுத்துப்போகும் மெல்லிய இழைகள் அதில் தெரியாது. அதனால் பாதம் தீயாய் எரிகிறவருக்கு ரிப்போர்ட் நார்மல் என்று வரும், "உங்களுக்கு ஒன்றுமில்லை, மனசுதான்" என்று அனுப்பிவிடுவார்கள். இன்னொன்று, ஏசி அறையில் கால் சில்லிட்டுப் போயிருந்தால் நல்ல நரம்பும் மெதுவாகத்தான் ஓடும். பாதத்தைத் தொட்டுப் பார்த்துச் சூடுபடுத்தாமல் டெஸ்ட் எடுக்கிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

அந்தச் சோதனை தேவைப்படும் நிலைமைகள் வேறு. ஒரு கால் மட்டும் பாதிக்கப்பட்டால், கையில் முதலில் தொடங்கினால், பாதம் தொங்கிப்போனால், சில வாரத்திலேயே வேகமாக ஏறினால். அப்போது நரம்பியல் டாக்டர் கையால் பார்த்துவிட்டு எழுதித் தர வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள், அவர்கள் தேவை என்று சொன்னால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். டாக்டர் எழுதாமல் ஒருவர் தானாக வந்து கூட்டிப்போகிறேன் என்றால் அவருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் கிடைக்கிறது என்றுதான் அர்த்தம். கல்யாண மஹாலில் நடக்கும் "இலவச நரம்பு கேம்ப்" இன்னொரு ரகம். அதிர்வு அளக்கும் மிஷினைக் காலில் வைத்து, சிவப்பு நிறத்தில் ஒரு எண் அச்சடித்துக் கொடுத்து, பக்கத்து மேஜையில் காந்தச் செருப்பு விற்பார்கள். எண் நிஜமாகவே இருக்கலாம். காந்தம் நரம்பை வளர்க்காது.

எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் அல்லது பிரிகாபலின் எழுதித் தருவார்கள். வலி குறையும், நரம்பு வளராது. இரண்டும் தூக்கமும் தலைசுற்றலும் தரும், ஆரம்பித்த முதல் வாரம் பாசிக்குக் கடலில் இறங்காதீர்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். எரிச்சல் ஒரு நாள் தானாக நின்றுபோய், விரல் தொடுவதும் தெரியவில்லை என்றால் அது குணமில்லை, இழைகள் செத்துவிட்டன. பவளப்பாறையில் வெட்டுப்பட்டால் உங்களுக்கு வலிக்காது, ரத்தம் கடல் தண்ணீரிலேயே கரைந்துவிடும். அதனால் கடலைவிட்டு ஏறியதும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்கையும் உள்ளங்காலையும் வெளிச்சத்தில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், சின்ன வெட்டு என்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், அந்தத் தண்ணீர் எவ்வளவு சூடு என்று உங்கள் கால் இனிச் சொல்லாது.