ஷேடு தகராறு: மெயிலை எங்கே நிறுத்துவது?

"டையிங் யூனிட்டோட ஷேடு பிரச்சினை. மெயில் மேல மெயில் போகுது, பேச்சு தடிக்குது. எப்போ போனை எடுக்கணும்?"

உங்கள் இரண்டாவது மெயிலுக்கு வந்த பதிலில் புதுத் தகவல் எதுவும் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு போகும் மெயில்கள் பெரும்பாலும் சிசியில் இருக்கும் முதலாளிக்காக எழுதப்படுபவை. "ஏற்கெனவே சொன்னபடி" என்று ஒரு வரி ஆரம்பிக்கும், சிசியில் புதிதாக இரண்டு பேர் முளைப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே துணியைப் பார்ப்பதற்கு முன்பே "டெபிட் நோட்" என்ற சொல் விழுந்துவிட்டால், அன்றைக்கே பேசிவிட வேண்டும்.

800 கிலோ நேவி சிங்கிள் ஜெர்சி, இரண்டு லாட் என்று வையுங்கள். இரண்டாவது லாட் சிவப்படிக்கிறது என்கிறீர்கள். அப்ரூவலோடு சரியாக இருக்கிறது என்கிறார்கள் அவர்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். நீங்கள் லைட் பாக்ஸில் டி65 போட்டுப் பார்த்திருப்பீர்கள், அவர்கள் டிஎல்84-இல் பார்த்திருப்பார்கள். லேப் டிப்பில் ஒரு சாயக் கலவையும் பல்க்கில் வேறொன்றும் போனால், ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகிற நிறம் மற்றொன்றில் விலகும். பத்து மெயில் போனாலும் யாரும் இதைக் கேட்கமாட்டார்கள், போனில் முதல் கேள்வியே "எந்த லைட்ல பாத்தீங்க மாஸ்டர்?" என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

அதனால் அக்கவுண்ட்ஸை விட்டுவிட்டு டையிங் மாஸ்டரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன்பு, தகராறான ரோலிலிருந்து ஒரே இடத்தில் வெட்டிய துண்டில் பாதி அவர் கையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் படத்தை வைத்து ஷேடு பேசுவது வீண்வேலை, கேமராவே நிறத்தை மாற்றிவிடும். மெயிலில் ஒரே வரி போதும்: "ஸ்வாட்ச் அனுப்பியிருக்கிறோம், நாலு மணிக்குப் பேசலாம், அதுவரை லாட்டை வெட்டவில்லை." பேசும்போது யார் தப்பு என்பதைத் தள்ளிவையுங்கள். எந்த லைட்டில் முடிவு, எத்தனை ரோல், மறுசாயம் போட்டு எப்போது வரும், இந்த மூன்றும் முடிந்தால் போதும். போனை வைத்த ஒரு மணி நேரத்துக்குள் அதே மெயில் தொடரில் அதை எழுதி, "சரிதானே?" என்று கேட்டு அனுப்புங்கள். தாமதித்தால் ஆளுக்கொரு கணக்கு நினைவிருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் போனை நம்பக்கூடாது. டையிங் யூனிட் பதிவு செய்த குறு அல்லது சிறு நிறுவனம் என்றால், 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி டெலிவரியான 15 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் டெலிவரி ஆன நாளிலேயே சரக்கை ஏற்றுக்கொண்டதாகிவிடும், பணம் கொடுக்கும் கெடுவும் அங்கிருந்தே ஓட ஆரம்பிக்கும். முதல் ஆட்சேபம் ரோல் எண்ணோடு மெயிலில் போய்விட்டதா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டிருந்தால் மாஸ்டரிடம் பேசுவதையும் நிறுத்திவிடுங்கள், எல்லாம் வக்கீல் வழியாகவே போகட்டும்.