வண்டி கிண்டியில், புள்ளி சைதாப்பேட்டையில்: ஓட்டுநர்களின் லொக்கேஷன் கேள்விகள்

டாக்சி ஓட்டுநர், கிண்டி: அண்ணே, கிண்டி ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன். கம்பெனி ஆப்புல என் வண்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் சைதாப்பேட்டைல நிக்குது. கூகுள் மேப்ஸ் மட்டும் சரியா காட்டுது. போனை மாத்தணுமா?

வேண்டாம். ஒரே போனில், ஒரே நேரத்தில், ஓர் ஆப் சரியாகவும் இன்னொன்று தப்பாகவும் காட்டினால் ஆன்டெனாவுக்கும் சிக்னலுக்கும் ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம். அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் போன் உண்மையான இடத்தைச் சொல்லாமல் வைத்திருக்கிறது. லொக்கேஷன் அனுமதி ஆப்புக்கு ஆப் தனித்தனி.

வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பாருங்கள். கம்பெனி ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்தால் App info வரும். அதில் Permissions, அதற்குள் Location. மேலே எந்த அனுமதி தேர்வாகியிருந்தாலும் அதோடு நிறுத்தாமல் கீழே Use precise location என்ற ஸ்விட்ச்சைப் பாருங்கள். அது அணைந்திருக்கும் என்பது என் ஊகம். ஆண்ட்ராய்டு 12-க்குக் கீழே உள்ள போன் என்றால் அந்த ஸ்விட்ச்சே இருக்காது, அப்போது திரும்ப எழுதுங்கள். இதற்கிடையே 'ஜிபிஎஸ் பூஸ்டர்' என்று வரும் எதையும் இறக்கிவிடாதீர்கள்.

டாக்சி ஓட்டுநர், கிண்டி: அணைஞ்சுதான் இருந்துச்சு. போட்ட உடனே புள்ளி ஸ்டேஷனுக்கு வந்துடுச்சு. நான் அதைத் தொட்டதே இல்லையே, எப்படி அணைஞ்சுது? நின்ன இடத்துலயே தப்பாவும், ஓடும்போது தாவித் தாவியும் போச்சே, அது ஏன்?

ஆப்பை அண்மையில் அழித்துவிட்டு மறுபடி ஏற்றியிருப்பீர்கள். முதல்முறை திறக்கும்போது இரண்டு வட்டப் படங்கள் வரும்: ஒன்றின் கீழ் Precise, மற்றதன் கீழ் Approximate. அவசரத்தில் விரல் Approximate மேல் பட்டு, பிறகு அனுமதி கொடுத்துவிட்டால் போதும். 'லொக்கேஷன் அனுமதி கொடுத்தாச்சு' என்றே நமக்குத் தோன்றும். ஆப்பும் பெரும்பாலும் சண்டை போடாது.

Approximate என்பது சிக்னல் பலவீனத்தால் வரும் பிழை இல்லை, போன் வேண்டுமென்றே செய்வது. உங்கள் இடம் அதற்குத் துல்லியமாகத் தெரியும். ஆனால் ஆப்பிடம் கொடுக்கும்முன் அதைக் கொஞ்சம் தள்ளி, பெரிய கட்டங்களில் ஒன்றில் பொருத்திவிட்டுத்தான் கொடுக்கும். ஆண்ட்ராய்டு இதற்குச் சொல்லும் அளவு சுமார் 3 சதுர கிலோமீட்டர். கிண்டி ஸ்டேஷனில் நிற்பவரை அடையாற்றின் மறுகரையில் வைக்க அது தாராளம். அங்கே வைத்தபின் மறைமலை அடிகள் பாலத்தைக் கடந்து வா என்று நேவிகேஷன் சொல்வதும் அதன் கணக்கில் சரிதான். நின்ற இடத்தில் தப்பானதற்குக் காரணம் இது.

தாவல் வேறு. தோராய இடம் எப்போதாவதுதான் புதுப்பிக்கப்படும். இடையில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும், புள்ளி அப்படியே நிற்கும், பிறகு ஒரேயடியாகக் குதிக்கும். கட்டடங்களால் வரும் சிக்னல் கோளாறு இப்படி இருக்காது. உயர்ந்த கட்டடங்களில் சிக்னல் பட்டுத் திரும்பினால் புள்ளி பத்து இருபது மீட்டர் நடுங்கும், பக்கத்துத் தெருவுக்குப் போய்வரும். ஆற்றைத் தாண்டாது.

ஐபோன் வைத்திருப்பவர்: எனக்கும் இதே. எங்கே பார்ப்பது?

Settings, Privacy & Security, Location Services, உங்கள் ஆப், Precise Location. 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் உண்டு.

ஆட்டோ ஓட்டுநர், தாம்பரம்: போனை எட்டு போடுற மாதிரி சுத்தினா லொக்கேஷன் சரியாகும்னு சொல்றாங்களே?

அது திசைகாட்டிக்கு. நிற்கும்போது அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மட்டும் அது சரிசெய்யும். வண்டி நகர ஆரம்பித்ததும் ஓட்டத்தை வைத்தே திசை கணிக்கப்படும். காந்த ஹோல்டரில் போன் ஒட்டியிருந்தால் எத்தனை எட்டு போட்டாலும் அம்பு கோணலாகத்தான் நிற்கும்.

வீட்டுக்காரர், மேடவாக்கம்: எங்க வீட்டை மேப் அடுத்த தெருவுல காட்டுது. நானும் Precise போட்டுப் பாத்துட்டேன்.

உங்கள் போன் சரி, வரைபடம் தப்பு. மேப்ஸில் அந்த இடத்தைத் தொட்டு Suggest an edit வழியாகப் புள்ளியை நகர்த்தக் கோருங்கள்.

கால் டாக்சி ஓட்டுநர், போரூர்: கத்திப்பாராவுல மேல போறேன், ஆப் கீழ போறதா நெனைச்சு ரூட்டை மாத்துது. Precise ஆன்லதான் இருக்கு.

இதற்கு அந்த ஸ்விட்ச் உதவாது. திறந்த வானத்தின் கீழ் நல்ல போனே ஐந்து மீட்டர் அளவு பிசகும். மேம்பாலமும் சர்வீஸ் ரோடும் பக்கத்துப் பக்கத்தில், சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று. உயரத்தில் பிசகு இன்னும் அதிகம். ஜிபிஎஸ் சிக்னல் அனுப்பும் விண்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே இருந்து அளவெடுக்க ஒன்றும் இல்லை.

நேவிக் ஆதரவாளர்: நேவிக் உள்ள போன் வாங்கச் சொல்லுங்க சார். ஜிபிஎஸ் மாதிரி நம்ம நாட்டு சேட்டிலைட் அது, மேல, கீழ எல்லாம் சொல்லிடும்.

பாதி சரி. நேவிக் விண்கோள்கள் நம் வானத்தில் உயரத்தில் நிற்பதால் கட்டடங்களுக்கு நடுவே உதவும். 1176.45 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் வாங்கும் போன் என்றால் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் சிக்னலை நன்றாகப் பிரித்தறியும். ஆனால் ஜிபிஎஸ்ஸின் எல்5 என்ற சிக்னலும் அதே அலைவரிசைதான். மேல் கீழ் பிரச்சினை இருவருக்கும் பொது, நேவிக்கும் காலுக்குக் கீழே இல்லை.

கால் டாக்சி ஓட்டுநர், போரூர்: மேப்ஸ்ல இப்போ 'மேம்பாலத்துல ஏறுங்க'ன்னு வருதே. அப்போ அதுக்குத் தெரியுதுதானே?

ஏற வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்கிறது. 2024 ஜூலையில் இந்திய நகரங்களுக்கு வந்த வசதி அது. நீங்கள் ஏறினீர்களா என்பது அதற்குத் தெரிந்ததாக ஆகாது.

நேவிக் ஆதரவாளர்: காத்தழுத்த சென்சார் இருக்கே! அது உயரம் சொல்லும்.

எல்லாப் போனிலும் இல்லை. எட்டு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல்தான் குறையும்.

நேவிக் ஆதரவாளர்: ஒண்ணு போதுமே, சென்சார் அதைவிட நுணுக்கமா அளக்கும்.

அளக்கும். ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றி இறக்கும் வண்டிக்குள் அந்த அளவை நம்பலாமா என்பதுதான் கேள்வி. முடியும் என்கிறீர்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மற்றொரு ஓட்டுநர்: சார், என் ஆப்பும் தப்பான இடம் காட்டுது, என்ன செய்யணும்?

முதல் பதில்.

மற்றொரு ஓட்டுநர்: படிச்சேன் சார். Precise ஆன்லதான் இருக்கு. மாலுக்குக் கீழ பார்க்கிங்ல இருந்து வெளிய வந்ததும் கொஞ்ச நேரம் தப்பா இருக்கு.

இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். அடித்தளத்தில் விண்கோள் சிக்னல் வராது. பழைய இடத்தை அல்லது அங்குள்ள வைஃபையை வைத்துப் போன் ஒப்பேற்றும். வெளியே வந்தபின் ஒவ்வொரு விண்கோளும் தன் பாதை விவரத்தை ஒருமுறை முழுதாக அனுப்ப 30 நொடி ஆகும். மொபைல் டேட்டா இருந்தால் போன் அதை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் காத்திருக்கத்தான் வேண்டும். வாசலில் திறந்த வானத்தின் கீழ் புள்ளி நிலைத்த பிறகு அடுத்த சவாரியை எடுங்கள்.

லோடு வேன் ஓட்டுநர்: ஜிபிஎஸ் பூஸ்டர் ஒண்ணு இறக்கியிருக்கேன், அதுல எதை அமுக்கணும்?

Uninstall.